சுக்கிரனும் செவ்வாயும்: மேலைநாட்டு சினஸ்ட்ரியில் ஈர்ப்பைப் பார்க்கும் முறை – கேள்வி பதில்கள்

சினஸ்ட்ரி என்றால் என்ன? அதில் சுக்கிரனையும் செவ்வாயையும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இரண்டு பேருடைய பிறப்பு ஜாதகங்களை ஒரே ராசிச் சக்கரத்தில் பொருத்தி, ஒருவருடைய கிரகம் மற்றவருடைய கிரகத்திலிருந்து எத்தனை பாகை தள்ளி நிற்கிறது என்று அளந்து பலன் சொல்வதே மேலைநாட்டு ஜோதிடத்தின் சினஸ்ட்ரி. நம்முடைய பொருத்தம் பார்க்கும் முறை பெரும்பாலும் இருவருடைய ஜன்ம நட்சத்திரங்களை வைத்து நடக்கிறது. இங்கே நட்சத்திரத்திற்கு இடமில்லை. எல்லாக் கிரகங்களுக்கும் இடையேயுள்ள கோணங்களே கணக்கு.

அந்த மரபில் சுக்கிரன் என்பது ஒருவர் எதை அழகாகவும் இனிமையாகவும் உணர்கிறார், யாருடைய அருகாமையை விரும்புகிறார் என்பதைக் குறிக்கிறது. செவ்வாய் என்பது ஒருவர் தாம் விரும்பியதை நோக்கி எப்படி நகர்கிறார், எவ்வளவு வேகத்தோடு அணுகுகிறார் என்பதைக் குறிக்கிறது. ஒருவருடைய விருப்பமும் இன்னொருவருடைய முனைப்பும் ஒரே கோட்டில் விழும் இடமாதலால், உடல்சார்ந்த ஈர்ப்பைப் பற்றிய கேள்வி எழும்போது இந்த இரண்டையும் எடுக்கிறார்கள்.

ஆனால் இதை முதலிடத்தில் வைப்பது அண்மைக்காலப் பழக்கம். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, தமது டெட்ராபிப்லோஸ் என்ற ஜோதிட நூலின் நான்காம் பகுதியில் திருமணத்தைப் பற்றி எழுதும்போது, இணக்கம் நீடிக்குமா என்பதற்கு இருவருடைய சூரியனும் சந்திரனும் எப்படிப் பொருந்துகின்றன என்பதையே பார்க்கச் சொல்கிறார். சுக்கிரனும் செவ்வாயும் இச்சையின் தன்மையைப் பேசும் இடத்தில் வருகின்றன. இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதால்தான், ஈர்ப்புக்கான ஒரு குறியீட்டை உறவின் ஆயுளுக்கான குறியீடாகப் பலர் வாசித்துவிடுகிறார்கள்.

என்னிடம் நம் ஊர் ஜாதகம்தான் இருக்கிறது. அதை வைத்தே பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் இரண்டு ஜாதகங்களும் ஒரே முறையில் கணிக்கப்பட்டிருக்க வேண்டும். மேலைநாட்டு ஜோதிடம், வசந்த சம இரவுப் புள்ளியிலிருந்து ராசிகளை எண்ணும் சாயன முறையையும், நம் ஜோதிடம், வானின் நட்சத்திரங்களை ஒட்டி எண்ணும் நிராயன முறையையும் பின்பற்றுகின்றன. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமாகிய அயனாம்சம் இன்று ஏறத்தாழ 24 பாகை. இரு ஜாதகங்களிலிருந்தும் அதே அளவைக் கழித்தால் கிரகங்கள் நிற்கும் ராசிகள் மாறுமே தவிர, அவற்றுக்கு இடையேயுள்ள கோணம் மாறாது. ஆகவே இருவருடையதும் நிராயன ஜாதகமாக இருந்தால், கோணத்தை அப்படியே அளந்துகொள்ளலாம். ராசியை வைத்துச் சொல்லப்படும் மேலைநாட்டுப் பலன்களை மட்டும் அதன்மேல் ஏற்றக்கூடாது.

ஒருவருடையது இணையத்தில் எடுத்த சாயன ஜாதகமாகவும் மற்றவருடையது வீட்டில் இருக்கும் பழைய ஜாதகமாகவும் இருக்கும்போதுதான் முழுக் கணக்கும் பிசகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. சாயன முறையில் சூரியன் மார்ச் 20 அல்லது 21 வாக்கில் மேஷத்தில் நுழைகிறது. நிராயன முறையில் சித்திரை முதல் நாளை ஒட்டி, ஏப்ரல் 14 வாக்கில் நுழைகிறது. எனவே ஏப்ரல் முதல் வாரத்தில் பிறந்தவருடைய தாளில் சூரியன் மேஷத்தில் இருந்தால் அது சாயனம், மீனத்தில் இருந்தால் நிராயனம். மற்ற மாதங்களுக்கும் இதே சோதனை பொருந்தும்: ஆங்கில மாதத்தின் முதல் வாரத்தில் பிறந்தவருக்குத் தமிழ் மாதத்திற்குரிய ராசியில் சூரியன் இருந்தால் அது நிராயனம், அதற்கு அடுத்த ராசியில் இருந்தால் சாயனம்.

இன்னொன்றும் உண்டு. வாக்கியப் பஞ்சாங்கப்படி எழுதிய ஜாதகத்தில் கிரக நிலைகள் வானில் உள்ள நிலையிலிருந்து விலகியிருக்கக்கூடும். ஓரிரு பாகை வித்தியாசமே பலனை மாற்றும் இந்த முறைக்குத் திருக்கணித நிலைகளே ஏற்றவை.

எனக்கு அவருடைய பிறந்த தேதி மட்டும் தெரியும், நேரம் தெரியாது. பயன் உண்டா?

சுக்கிரன், செவ்வாய் இரண்டுக்கும் பெரும்பாலும் உண்டு. சுக்கிரன் ஒரு நாளில் அதிகபட்சமாக ஒன்றேகால் பாகை நகர்கிறது. செவ்வாய் முக்கால் பாகையளவே நகர்கிறது. ஆகவே நண்பகலில் பிறந்ததாக வைத்துக் கணித்தால் சுக்கிரனில் அரைப் பாகையைச் சற்றுத் தாண்டிய பிழையும், செவ்வாயில் அரைப் பாகைக்கும் குறைவான பிழையும்தான் வரும். சந்திரன் ஒரு நாளில் 12 முதல் 15 பாகை வரை ஓடுவதால் அதன் தொடர்புகளை நேரமின்றி உறுதியாகச் சொல்ல இயலாது. லக்னத்தையும் பாவங்களையும் முழுவதுமாக விட்டுவிட வேண்டும்.

கையால் எப்படிக் கணக்கிடுவது?

ஒவ்வொரு கிரக நிலையையும் மேஷத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணி 360 பாகைக்குள் ஓர் எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். மேஷம் 0 முதல், ரிஷபம் 30 முதல், மிதுனம் 60 முதல் என்று போய், மீனம் 330 முதல் தொடங்குகிறது. ராசிக்குள் உள்ள பாகையை அதனோடு கூட்டினால் போதும். பிறகு உங்கள் சுக்கிரனுக்கும் அவருடைய செவ்வாய்க்கும் உள்ள வித்தியாசத்தையும், அவருடைய சுக்கிரனுக்கும் உங்கள் செவ்வாய்க்கும் உள்ள வித்தியாசத்தையும் தனித்தனியே காணுங்கள். விடை 180க்கு மேல் வந்தால் அதை 360இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

அந்த விடை 0, 60, 90, 120, 180 ஆகிய ஐந்தில் ஒன்றுக்கு அருகில் இருந்தால் அங்கே ஒரு தொடர்பு இருக்கிறது. இவற்றை முறையே சேர்க்கை, அறுபது பாகைத் தொடர்பு, சதுரம், திரிகோணம், எதிர்நிலை என்று சொல்லலாம். சரியான கோணத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கு ஆர்ப் என்று பெயர். நம் ஜோதிடத்தில் செவ்வாய்க்கு மட்டும் 4, 8ஆம் பார்வைகள் தனியாக உண்டு. இங்கே எல்லாக் கிரகங்களுக்கும் ஒரே கோணங்கள்தாம், ஒன்று மற்றொன்றைப் பார்த்தால் மற்றதும் திரும்பப் பார்க்கிறது.

ஒவ்வொரு கோணத்திற்கும் ஈர்ப்பு எப்படி மாறுகிறது?

சேர்க்கையில் இருவருடைய கிரகங்களும் ஒரே இடத்தில் நிற்கின்றன. செவ்வாய்க்கு உரியவர் இயல்பாக எப்படி நடந்துகொள்கிறாரோ, அதே பாங்குதான் சுக்கிரனுக்கு உரியவருக்குப் பிடித்தது என்பது இதன் வாசிப்பு. அதனால் யாரும் தம்மை மாற்றிக்கொள்ளாமலேயே ஈர்ப்பு விரைவில் வெளிப்படும் என்கிறார்கள். எந்த ராசியில் சேர்கின்றன என்பதும் இங்கே பெரிதும் எண்ணப்படுகிறது. மேஷத்தில் நடக்கும் சேர்க்கை நேரடியான, பொறுமையற்ற ஈர்ப்பையும், கன்னியில் நடக்கும் சேர்க்கை அன்றாடச் செயல்களிலும் சின்ன உதவிகளிலும் வெளிப்படும் ஈர்ப்பையும் காட்டுவதாக வாசிக்கப்படுகிறது; கன்னிச் சேர்க்கையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஈர்ப்பென்றே கண்டுகொள்ளாமல் போகலாம்.

எதிர்நிலையில் ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருப்பதாகத் தோன்றுகிறது. இழுப்பு வலுவானது; ஆனால் அது ஏறி இறங்கக்கூடியது. ஒருவர் நெருங்கும்போது மற்றவர் சற்றுப் பின்வாங்குவதும், அவர் விலகியதும் இவர் தேடிச் செல்வதும் இந்தக் கோணத்திற்கு வழக்கமாகச் சொல்லப்படும் அடையாளங்கள்.

சதுரம்தான் அதிகமாகத் தவறாக வாசிக்கப்படுவது. பழைய நூல்கள் இதைக் கெட்ட கோணம் என்று ஒதுக்கின. புதிய எழுத்துகள் பலவும் இதையே தீவிரக் காதலின் அறிகுறி என்று உயர்த்துகின்றன. என் கருத்தில் இரண்டும் பாதி உண்மையே. சதுரத்தில் ஈர்ப்பு இல்லாமல் போவதில்லை. ஆனால் செவ்வாய்க்கு உரியவர் அணுகும் விதம் சுக்கிரனுக்கு உரியவருடைய ரசனைக்குக் குறுக்காக விழுகிறது: இவர் மெல்லப் பழக விரும்பும் நேரத்தில் அவர் அவசரப்படுகிறார், இவர் வெளிப்படையான அன்பை எதிர்பார்க்கும் இடத்தில் அவர் செயலால் மட்டும் காட்டுகிறார். அந்த உரசல் விழிப்பையும் தூண்டுதலையும் தருகிறது, அதே உரசல் சண்டைக்கும் காரணமாகிறது. சண்டை முடிந்ததும் நெருக்கம், நெருக்கத்தின் பின் மீண்டும் சண்டை என்ற சுழற்சியைக் கண்டால், சதுரத்தைப் புகழ்ந்து எழுதப்பட்ட வரிகளை வைத்து அதற்கு நியாயம் தேடக்கூடாது. ஒருவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் மற்றவர் தொடர்வதை எந்தக் கோணமும் காதலாக்கிவிடாது.

திரிகோணமும் அறுபது பாகைத் தொடர்பும் இணக்கமானவை. திரிகோணத்தில் ஈர்ப்பு இலகுவாக இருக்கும், அதனாலேயே சில வேளைகளில் நட்பாகவே நின்றுவிடும். அறுபது பாகையில் அது இன்னும் மென்மையானது. யாராவது ஒருவர் முன்முயற்சி எடுத்தால்தான் வெளிப்படும் என்பது பொதுவான வாசிப்பு.

எங்களுக்குச் சுக்கிரன்-செவ்வாய் தொடர்பு இருக்கிறது என்று செயலியில் வந்தது. இது அபூர்வமா?

பெரும்பாலும் இல்லை. எளிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். ஒருவருடைய சுக்கிரனைச் சுற்றி மற்றவருடைய செவ்வாய் நின்றால் தொடர்பாகிற புள்ளிகள் சக்கரத்தில் எட்டு: சேர்க்கைக்கு ஒன்று, எதிர்நிலைக்கு ஒன்று, மற்ற மூன்று கோணங்களுக்கும் இருபுறமும் சேர்த்து ஆறு. ஒவ்வொரு புள்ளிக்கும் இருபக்கமும் 5 பாகை ஆர்ப் அனுமதித்தால் 360இல் 80 பாகை தொடர்புக்குள் அடங்கிவிடுகிறது, அதாவது 22 சதவீதம். இருவருடைய சுக்கிரனையும் மாறி மாறிப் பார்ப்பதால், ஏதாவது ஒரு பக்கம் தொடர்பு கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதமாகிறது. ஆர்ப்பை 8 பாகையாக விரித்தால் அது 58 சதவீதம் வரை போகிறது. எந்தச் சம்பந்தமும் இல்லாத இருவரை எடுத்துப் பொருத்தினாலும் பாதிக்கு மேற்பட்ட ஜோடிகளுக்குத் தொடர்பு இருக்கிறது என்று வந்தால், அந்தச் செய்தியில் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஆர்ப்பைச் சுருக்கும்போதுதான் குறியீடு தனித்து நிற்கிறது. 3 பாகைக்குள் என்று வைத்தால் வாய்ப்பு 25 சதவீதமாகக் குறைகிறது. சேர்க்கையை மட்டும், அதுவும் 5 பாகைக்குள் எடுத்தால், ஏறத்தாழ பதினெட்டு ஜோடிகளில் ஒன்றுக்கே அது அமையும். செயலிகள் பலவும் ஆர்ப்பைத் தாராளமாக வைத்திருக்கின்றன; பட்டியலில் கோணத்தின் பெயருக்குப் பக்கத்தில் வரும் பாகை எண்ணைப் பார்க்காமல் பலனை வாசிக்கத் தொடங்கக்கூடாது.

என் சுக்கிரன் அவர் செவ்வாயோடு இருப்பதும், என் செவ்வாய் அவர் சுக்கிரனோடு இருப்பதும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. செவ்வாய் யாருடையதோ அவர்தான் முன்வந்து அணுகுபவர், சுக்கிரன் யாருடையதோ அவர் கவர்பவராகவும் ஏற்பவராகவும் இருப்பவர் என்பது மரபான வாசிப்பு. பழைய வாசிப்பில் ஆணுடைய செவ்வாயும் பெண்ணுடைய சுக்கிரனும் பெரிதும் பொருட்படுத்தப்பட்டன. இன்றைய ஜோதிடர்கள் அந்தக் கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். பெண்ணுடைய செவ்வாய் தொடும்போது முதலில் பேசுபவர் அவராக இருக்கலாம் என்று வாசிக்கிறார்கள், ஒரே பாலினத்தவர் ஜோடிக்கும் இதே விதியைக் கொள்கிறார்கள். இரு பக்கமும் தொடர்பு அமைந்தால், யார் அணுகுவது என்ற பங்கு ஒருவரிடமே தங்கிவிடாது என்பது அதன் பொருள்.

தெரிந்த ஒரு ஜோடியை வைத்து விளக்க முடியுமா?

திரை நட்சத்திரங்களான எலிசபெத் டெய்லரையும் ரிச்சர்ட் பர்ட்டனையும் எடுத்துக்கொள்வோம். கிளியோபாட்ரா படப்பிடிப்பில் தொடங்கிய அவர்களுடைய காதல் உலகச் செய்தியானது. 1964இல் மணந்து, 1974இல் பிரிந்து, 1975இல் மீண்டும் மணந்து, 1976இல் மறுபடியும் பிரிந்தார்கள். இப்படிப்பட்ட ஜோடிக்குச் சுக்கிரன்-செவ்வாய் சேர்க்கையோ சதுரமோ இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள்.

டெய்லர் 1932 பிப்ரவரி 27 அன்று லண்டனில் பிறந்தார். சாயன முறையில் அவருடைய சுக்கிரன் மேஷத்தில் 17 பாகையிலும், செவ்வாய் மீனத்தில் ஏறத்தாழ 2 பாகையிலும் நின்றன. எண்ணாக மாற்றினால் 17, 332. பர்ட்டன் 1925 நவம்பர் 10 அன்று வேல்ஸில் பிறந்தார். அவருடைய சுக்கிரன் மகரத்தில் 4 பாகையிலும், செவ்வாய் துலாத்தில் 28 பாகையிலும் நின்றன. அவை 274, 208.

டெய்லருடைய செவ்வாய்க்கும் பர்ட்டனுடைய சுக்கிரனுக்கும் உள்ள வித்தியாசம் 58 பாகை. அது அறுபது பாகைத் தொடர்பு, ஆர்ப் 2 பாகை. அதாவது நெருக்கமானது, ஆனால் ஐந்தில் மிக மென்மையானது. செவ்வாய் டெய்லருடையது என்பதையும் கவனியுங்கள். மறுபக்கம் டெய்லருடைய சுக்கிரனுக்கும் பர்ட்டனுடைய செவ்வாய்க்கும் உள்ள வித்தியாசம் 191, திருப்பிக் கணக்கிட்டால் 169. எதிர்நிலைக்கு இன்னும் 11 பாகை குறைகிறது. 5 பாகை ஆர்ப்பிலும் 8 பாகை ஆர்ப்பிலும் அது தொடர்பே இல்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மேஷமும் துலாமும் ஒன்றுக்கொன்று ஏழாம் ராசிகள். ராசியை வைத்தே தொடர்பைக் கொள்ளும் பழைய கிரேக்க மரபைப் பின்பற்றுபவர்கள் இதையும் எதிர்நிலை என்றே எடுப்பார்கள். ஆனால் நிராயன முறைக்கு மாற்றினால் டெய்லருடைய சுக்கிரன் மீனத்துக்கும் பர்ட்டனுடைய செவ்வாய் துலாத்தின் தொடக்கத்துக்கும் போய்விடுகின்றன. ஏழாம் ராசி உறவு மறைந்து ஆறு-எட்டு உறவாகிறது. கோணம் இரண்டிலும் அதே 169தான். பாகையில் அளந்த தொடர்பை நம்புவதற்கு நான் முன்னுரிமை தருவது இதனால்தான்.

வலுவான குறியீடு வேறிடத்தில் இருக்கிறது. டெய்லருடைய சந்திரனும் பர்ட்டனுடைய சூரியனும் விருச்சிகத்தில் 2 பாகை இடைவெளியில் சேர்ந்து நிற்கின்றன. தாலமி முதலில் பார்க்கச் சொன்ன அதே சூரிய-சந்திரப் பிணைப்புதான் இது. இருவருடைய செவ்வாய்களும் 4 பாகைக்குள் திரிகோணத்தில் இருப்பது அதற்கு அடுத்தபடி. அந்தச் சேர்க்கை இருந்தும் திருமணம் இருமுறை முறிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எங்களுக்கிடையே எந்தத் தொடர்பும் இல்லை. ஈர்ப்பு இருக்காது என்று அர்த்தமா?

அப்படி இல்லை. மேலே உள்ள கணக்குப்படி 5 பாகை ஆர்ப்பில் பத்தில் ஆறு ஜோடிகளுக்கு இந்தத் தொடர்பு அமைவதே இல்லை. அவர்களுக்கு ஜோதிடர்கள் சுக்கிரன்-சூரியன், செவ்வாய்-சந்திரன், ஒருவருடைய லக்னத்தின்மேல் மற்றவருடைய சுக்கிரன் போன்றவற்றைப் பார்ப்பார்கள்.

செவ்வாய் தோஷத்திற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. தோஷம் ஒருவருடைய ஜாதகத்தில் செவ்வாய் 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் நிற்பதை வைத்துச் சொல்லப்படுவது. சினஸ்ட்ரி இரு ஜாதகங்களுக்கு இடையேயுள்ள கோணத்தைப் பார்ப்பது. அதில் தோஷம் என்ற கருத்தே கிடையாது.

இதையெல்லாம் யாராவது ஆராய்ந்து சரிபார்த்திருக்கிறார்களா?

உளவியலாளர் கார்ல் யுங், 1952இல் வெளியான தமது ஆய்வில், 483 திருமணமான ஜோடிகளின் ஜாதகங்களை எடுத்து, சூரியன், சந்திரன், சுக்கிரன், செவ்வாய், லக்னம் முதலியவற்றின் சேர்க்கைகளையும் எதிர்நிலைகளையும் எண்ணினார். முதல் 180 ஜோடிகளில் முன்னே வந்தது சந்திரன்-சூரியன் சேர்க்கை. அடுத்த 220இல் சந்திரன்-சந்திரன். கடைசி 83இல் சந்திரன்-லக்னம். ஒவ்வொரு தொகுதியிலும் முதலிடம் மாறியது, எல்லாவற்றையும் சேர்த்தபோது தற்செயலைத் தாண்டிய எதுவும் நிற்கவில்லை. சுக்கிரன்-செவ்வாய் ஒரு தொகுதியிலும் முதலிடம் பெறவில்லை. பிரிட்டனில் சமூகவியலாளர் டேவிட் வோவாஸ் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடித் தம்பதிகளை ஆராய்ந்து, சூரிய ராசிகளுக்கிடையே எந்த ஈர்ப்பும் விலக்கும் இல்லை என்று கண்டார். அவர் கோணங்களைச் சோதிக்கவில்லை. ஆகவே இந்தப் பலன்களை ஒரு மரபின் வாசிப்பு என்றே கொள்ள வேண்டும். திருமணத்தை முடிவு செய்யவோ முறிக்கவோ இவற்றை ஆதாரமாக்கக்கூடாது.

எங்களுக்கு ஒரு பாகைக்குள் சேர்க்கை இருக்கிறது. ஆனால் அவருக்கு என்மீது ஈடுபாடே இல்லை. ஏன்?

செவ்வாய் வழக்கமான வேகத்தில் செல்லும்போது, உங்கள் சுக்கிரனைச் சுற்றியுள்ள பத்துப் பாகையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. அந்த இடத்திலேயே வக்கிரமடைந்தால் மாதக்கணக்கில் அங்கே உலவும். அந்த நாட்களில் பிறந்த ஒவ்வொருவருடைய செவ்வாயும் உங்கள் சுக்கிரனோடு சேர்க்கையில்தான் இருக்கிறது. ஒரு பாகைக்குள் என்று சுருக்கினாலும் இரண்டு மூன்று நாட்களில் பிறந்த எல்லோரும் அதில் அடங்குவார்கள். அவர்கள் எல்லோரும் உங்களை விரும்ப வேண்டும் என்று மரபும் சொல்லவில்லை. ஈர்ப்பு இருந்தால் அது எந்தப் பாங்கில் வெளிப்படும் என்பதைத்தான் இந்தக் கோணம் பேசுகிறது. ஈர்ப்பு இருக்கிறதா என்பதற்கு அவர் தரும் பதில்தான் பதில், அதை அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.